ஏஜென்சியே ரத்து செய்த டூருக்கு முழுப் பணத்தையும் எழுத்தில் கேட்பது எப்படி?

கேள்வி: "தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் போய்வரலாம் என்று மதுரையில் ஒரு டிராவல்ஸில் டெல்லி, ஆக்ரா, சிம்லா, மணாலி பேக்கேஜுக்கு ஐந்து பேருக்கு 1,10,000 ரூபாய் கட்டினோம். பிப்ரவரி 10 அன்று ஜிபேயில் 25,000, மார்ச் 12 அன்று மச்சான் கணக்கிலிருந்து நெஃப்ட்டில் 50,000, ஏப்ரல் 5 அன்று நேரில் ரொக்கமாக 35,000. மே 8 புறப்பாடு. ஆள் சேரவில்லை, டூர் இல்லை என்று ஏப்ரல் 20 அன்று அவர்களே வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். 22ஆம் தேதி நான் 'சரிண்ணே, கேன்சல் பண்ணிட்டுப் பணத்தைக் குடுங்க' என்று பதில் போட்டேன். மே 15 அன்று போனில் கேட்டால், நான்தான் கேன்சல் செய்தேன், விதிப்படி 50 சதவீதம்தான் கிடைக்கும், இல்லாவிட்டால் ஆகஸ்ட் டூரில் சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். ரொக்கத்துக்கு ரசீது தரவில்லை. என்ன எழுதி எப்படிக் கேட்பது?"

பதில்:

உங்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை, டூரை முதலில் ரத்து செய்தவர் யார் என்பதே தீர்மானிக்கும். ஆகவே நீங்கள் எழுதப்போகும் கடிதம் முழுவதும் ஏப்ரல் 20, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு தேதிகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பேக்கேஜ் தாளின் பின்பக்கத்தில் வழக்கமாக ஒரு ரத்துக் கட்டண அட்டவணை இருக்கும். புறப்பாட்டுக்கு 30 நாட்களுக்கு முன்பு என்றால் இவ்வளவு பிடித்தம், 15 நாட்களுக்கு முன்பு என்றால் இவ்வளவு என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். உங்கள் ஏஜென்சி சொல்லும் 50 சதவீதம் அந்த அட்டவணையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஏப்ரல் 22இலிருந்து மே 8 வரை 16 நாட்கள் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்த அட்டவணை, பயணி தன் விருப்பத்தால் விலகும்போது ஏஜென்சிக்கு நேரும் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்காக எழுதப்பட்டது. ஏஜென்சியே டூரை நடத்தவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, அதே அட்டவணையைக் காட்டிப் பயணியிடம் பிடித்தம் செய்வதற்கு இடமில்லை. உங்கள் 22ஆம் தேதிச் செய்தி, இரண்டு நாட்களுக்கு முன்பே இல்லாமல் போய்விட்ட ஒரு டூருக்கான பணத்தைத் திரும்பக் கேட்கும் செய்தி; "கேன்சல்" என்ற சொல் அதில் இருப்பதாலேயே ரத்து செய்தவர் நீங்கள் ஆகிவிட மாட்டீர்கள். இரண்டு செய்திகளையும் நாள், நேரத்துடன் அடுத்தடுத்துக் காட்டினால், படிப்பவருக்கு அது உடனே விளங்கிவிடும். 22ஆம் தேதிச் செய்தியை மறைக்கவோ அழிக்கவோ வேண்டாம். அதை நீங்களே கடிதத்தில் எடுத்துச் சொல்லிவிட்டால், பின்னால் அவர்கள் அதைத் தனியாக நீட்டிக் காட்ட வழியிருக்காது.

அதே தாளில் "குறைந்தபட்சம் இத்தனை பேர் சேராவிட்டால்" என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். குழுவாக அழைத்துச் செல்லும் பல பேக்கேஜ்களில் அப்படி ஒரு நிபந்தனை உண்டு. முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்றோ, வேறு தேதி தரப்படும் என்றோ அதில் இருக்கும். அந்த வரி இருந்தால் அதை அப்படியே கடிதத்தில் எடுத்தெழுதுங்கள். இல்லாவிட்டாலும் உங்கள் நிலை பலவீனமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள சேவையைக் கைவிட்டு, அதற்காகப் பெற்ற தொகையை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளும் திருப்பித்தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஏப்ரல் 20இலிருந்து எண்ணினால் அந்த 30 நாட்கள் மே 20 அன்று முடிந்துவிட்டன.

ஆகஸ்ட் டூரைப் பற்றியும் எழுத்தில் ஒரு வரி சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்தால், ஒப்புக்கொண்டீர்கள் என்று பிற்பாடு சொல்லுவார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் குடும்பம் ஒன்று சேர்ந்து வெளியூர் போவதற்கு ஆண்டில் வேறு காலம் வாய்ப்பதில்லை என்பது மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரை யாருக்கும் தெரியும், ஆனால் மதுரையில் இருக்கும் ஏஜென்சிக்கோ நாளைக்கு மனுவைப் படிக்கப்போகிற அதிகாரிக்கோ அதைச் சொன்னால்தான் தெரியும். பதிவு செய்த நாளிலேயே தடைக்காலப் பயணம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அந்தச் செய்தியைத் தேடி எடுத்து இணையுங்கள். மே 8 என்ற தேதிக்காகத்தான் நீங்கள் அந்தப் பேக்கேஜை வாங்கினீர்கள் என்பதை அது நிலைநாட்டும்.

இனிப் பணம் கட்டியதற்கான ஆதாரங்கள். கட்டிய வழி மூன்று என்பதால் மூன்றையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஜிபேயில் கட்டிய 25,000 ரூபாய்க்குப் பச்சைக் குறியோடு வரும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தால் UPI transaction ID என்றும் Google transaction ID என்றும் இரண்டு எண்கள் தெரியும். கடிதத்தில் எழுத வேண்டியது முதலாவதான 12 இலக்க எண்; வங்கிக் கணக்கு அறிக்கையில் உங்கள் பற்று வரியோடு அதுதான் பொருந்தும், மற்றது கூகுளின் உள் எண். பிப்ரவரி முதல் மே வரையிலான கணக்கு அறிக்கையை வங்கிக் கிளையில் முத்திரையுடன் வாங்கி, அந்த வரியைக் கோடிட்டு வையுங்கள். பணம் பெற்றவர் பெயரையும் பாருங்கள். பெரும்பாலும் டிராவல்ஸின் பெயர் அங்கே இருக்காது, உரிமையாளர் அல்லது அவர் வீட்டார் ஒருவரின் சொந்தப் பெயர்தான் இருக்கும். "இது எங்கள் கணக்கே இல்லை" என்ற பதில் பின்னால் கிளம்பும் இடம் இது. அந்த எண்ணையோ க்யூஆர் படத்தையோ அனுப்பி "இதில் போடுங்கள்" என்று ஏஜென்சியிலிருந்து வந்த செய்தி இருந்தால், அது அந்தப் பெயரையும் நிறுவனத்தையும் இணைத்துவிடும்.

மச்சான் கணக்கிலிருந்து போன 50,000 ரூபாய்க்கு அவருடைய கணக்கு அறிக்கையும், நெஃப்ட் பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணும் வேண்டும். அத்துடன், இந்தத் தொகையை இன்னாரின் குடும்பப் பயணத்துக்காக, அவர் சார்பில் செலுத்தினேன், திருப்பித் தரும்போது அவரிடமே தர எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரிடம் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால், கட்டியவர் வேறு, கேட்பவர் வேறு என்று சொல்லிப் பாதித் தொகையை அவர்கள் பேச்சுக்கே எடுக்க மாட்டார்கள்.

ரொக்கம் 35,000 தான் உங்கள் பக்கத்தின் மெலிந்த இடம். ரசீது இல்லாத ரொக்கத்தைச் சுற்றியுள்ள சான்றுகளால்தான் நிறுத்த முடியும். ஏப்ரல் 5 அன்றோ அதற்கு முந்தைய நாட்களிலோ வங்கியிலிருந்து அதற்கு நிகரான தொகை எடுத்திருக்கிறீர்களா, அன்று மதுரைக்குப் போனதற்குப் பேருந்துச் சீட்டோ ரயில் சீட்டோ இருக்கிறதா, கட்டிய பிறகு "முழுத் தொகையும் வந்துவிட்டது" என்றோ "பாலன்ஸ் இல்லை" என்றோ அவர்கள் ஒரு செய்தி போட்டார்களா என்று பாருங்கள். மே 15 அன்று அவர்கள் சொன்ன கணக்கே உங்களுக்கு உதவக்கூடும். 50 சதவீதம் என்று சொன்னபோது 55,000 ரூபாய் என்று தொகையையும் சொல்லியிருந்தால், முழு 1,10,000 ரூபாயும் தங்களிடம் வந்துசேர்ந்ததை அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. ரொக்கத்தை மறுப்பவர் 37,500 என்றுதான் சொல்லியிருப்பார். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். ஆகவே கடிதம் அனுப்புவதற்கு முன், எந்த வாக்குவாதமும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணே, நீங்கள் சொன்ன 55,000 எப்படி வருகிறது, நாங்கள் கட்டிய மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள்." தரப்போகும் தொகையை விளக்குகிறோம் என்ற எண்ணத்தில் பலர் இதற்குப் பதில் அனுப்பிவிடுவார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பதில் கிடைக்காது.

வாட்ஸ்அப் உரையாடலில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு போடப்பட்டிருந்தால் இன்றே அதை அணைத்துவிட்டு, உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கைப்பேசியை விற்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். வழக்கு வரை போனால், மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்கப்படலாம். மூலக் கைப்பேசி கையில் இருந்தால் அது எளிது.

இன்னொன்று, ரயில் சீட்டு. பேக்கேஜில் ரயில் பயணம் சேர்ந்திருந்து, உங்கள் பெயர்களில் சீட்டு எடுத்ததாகச் சொன்னால் பிஎன்ஆர் எண்களைக் கேளுங்கள். சீட்டே எடுக்காத ஏஜென்சியால் அந்த எண்ணைத் தர முடியாது. எடுத்து ரத்து செய்திருந்தால், ரயில்வே திருப்பும் பணம் முன்பதிவு செய்தவரின் கணக்குக்குத்தான் போகும், அதாவது அவர்களிடமே போயிருக்கும்; பயணத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே ரத்து செய்தால் ரயில்வே பிடிப்பது ஆளுக்கு ஒரு சிறு தொகைதான். அங்கீகாரம் பெற்ற ஐஆர்சிடிசி முகவர் வழியாக எடுத்த சீட்டில் உங்கள் கைப்பேசி எண் கொடுக்கப்பட்டிருந்தால், ரத்தின்போது திரும்பும் தொகையைக் குறிப்பிட்டு உங்களுக்கே ஓடிபி வந்திருக்கும். பழைய குறுஞ்செய்திகளில் தேடிப் பாருங்கள். ஓட்டலுக்கு முன்பணம் போய்விட்டது என்று சொன்னாலும் இதே கேள்விதான்: எந்த ஓட்டல், எந்தத் தேதியில், எவ்வளவு, அதற்கான சீட்டு எங்கே? டூரை நிறுத்தியது அவர்கள் என்பதால் அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது, ஏனெனில் செலவே செய்யாமல் செலவுக் கணக்குச் சொல்பவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள்.

கடிதத்தை ஒன்றரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். கோபம், ஏமாற்றம், போலீசுக்குப் போவேன் என்ற எச்சரிக்கை எதுவும் வேண்டாம். தேதியும் தொகையும் அவற்றின் வேலையைச் செய்யும். உங்கள் விவரங்களைக் கொண்டு இப்படி எழுதலாம்:

"பொருள்: மே 8 புறப்பாடு டெல்லி, ஆக்ரா, சிம்லா, மணாலி பேக்கேஜ் தங்களால் ரத்து செய்யப்பட்டதால் ரூ.1,10,000 திருப்பித் தரக் கோருதல்.

ஐயா, மேற்கண்ட பேக்கேஜில் நானும் என் குடும்பத்தினர் நால்வரும் (பெயர்கள் கீழே) பதிவு செய்து, பிப்ரவரி 10 அன்று யுபிஐ மூலம் ரூ.25,000 (பரிவர்த்தனை எண் …, இணைப்பு 1), மார்ச் 12 அன்று என் மைத்துனர் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் ரூ.50,000 (யுடிஆர் எண் …, இணைப்பு 2), ஏப்ரல் 5 அன்று தங்கள் அலுவலகத்தில் ரொக்கமாக ரூ.35,000 (இணைப்பு 3), ஆக மொத்தம் ரூ.1,10,000 செலுத்தியுள்ளோம். ரொக்கத்துக்கான ரசீது இதுவரை எனக்குத் தரப்படவில்லை.

போதிய ஆட்கள் சேராததால் டூர் நடைபெறாது என்று ஏப்ரல் 20 அன்று … மணிக்குத் தாங்கள் வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள் (இணைப்பு 4). அதன்பிறகு, ஏப்ரல் 22 அன்று, செலுத்திய பணத்தைத் திருப்பித் தருமாறு நான் பதில் அனுப்பினேன் (இணைப்பு 5). நான் ரத்து செய்ததாகக் கூறி 50 சதவீதம் மட்டுமே தரப்படும் என்று மே 15 அன்று தொலைபேசியில் கூறியதை நான் ஏற்கவில்லை. பயணி விலகும்போது பொருந்தும் ரத்துக் கட்டணம், தாங்களே ரத்து செய்த இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது.

மீன்பிடித் தடைக்காலத்துக்குள் சென்று திரும்புவதற்காகவே மே 8 புறப்பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆகையால் ஆகஸ்ட் மாதப் பயணத்தையோ, பிற்காலப் பயணத்தில் கழித்துக்கொள்வதையோ நாங்கள் ஏற்கவில்லை.

ரூ.1,10,000 முழுவதையும் ஜூன் 13ஆம் தேதிக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பிடித்தம் உண்டு என்று கருதினால், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் உரிய நிபந்தனை வரியையும் செலவுச் சீட்டின் நகலையும் அதே தேதிக்குள் அனுப்பவும். தவறினால், இந்தத் தொகையை வட்டியுடனும் இழப்பீட்டுடனும் கோரி இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்."

கெடுவை "கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள்" என்று எழுதாமல் ஒரு தேதியாகவே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கடிதம் எந்த நாளில் கிடைத்தது என்ற வாக்குவாதத்தை அது தவிர்க்கும். ஜூன் 13 என்று வைத்ததற்குக் காரணம், அதற்கடுத்த நாளோடு தடைக்காலம் முடிந்து நீங்கள் கடலுக்குப் போகத் தொடங்கிவிடுவீர்கள் என்பதுதான். மே மாத இறுதிக்குள் கடிதத்தை அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் நியாயமான அவகாசம் இருக்கும்.

யாருக்கு அனுப்புவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். பெயர்ப் பலகையில் இருப்பது வணிகப் பெயர் மட்டும். அதன் பின்னால் இருக்கும் உரிமையாளரின் பெயர் வேறாக இருக்கும். பில்லிலோ பேக்கேஜ் தாளிலோ 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருந்தால், gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அதை இட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயரும் பதிவு செய்த இடமும் தெரியும். "இன்னார், உரிமையாளர், இன்ன டிராவல்ஸ்" என்று இரண்டு பெயர்களையும் சேர்த்து முகவரி எழுதுங்கள். தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ப்பித்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதையும், இந்தியா போஸ்ட் தளத்தில் "சேர்ப்பிக்கப்பட்டது" என்று காட்டும் பக்கத்தின் அச்சுப்படியையும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தை பிடிஎஃப் ஆக அவர்களின் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அன்றே அனுப்புங்கள். மூல ஆவணம் எதையும் தர வேண்டாம், நகல்கள் போதும்.

கடிதம் கிடைத்ததும் அவர்கள் 55,000 ரூபாயைத் திடீரென்று உங்கள் கணக்கில் போட்டுவிடக்கூடும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. "ரூ.55,000 பகுதித் தொகையாக வரவு வைக்கப்பட்டது, மீதி ரூ.55,000 நிலுவையில் உள்ளது" என்று அன்றைக்கே எழுத்தில் பதில் போட்டுவிடுங்கள். நேரில் வரச் சொல்லிப் பணத்தோடு ஒரு தாளையும் நீட்டினால், அதில் "முழுத் தீர்வாக" என்றோ "இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்றோ இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். அந்த வரியின் கீழ் கையெழுத்திட்ட பிறகு மீதியைக் கேட்பது மிகக் கடினம். நல்ல ஆதாரம் வைத்திருந்தவர்களும் இந்த ஒரு கையெழுத்தில் பாதிப் பணத்தை விட்டிருக்கிறார்கள். வங்கியில் புகார் கொடுத்தால் ஜிபே பணம் திரும்பிவிடும் என்று நம்பி நாளைக் கடத்தவும் வேண்டாம். நீங்களே விரும்பி அனுப்பி, சரியாகப் போய்ச் சேர்ந்த பணம் அது. அதன் பின்னால் உள்ள சேவைத் தகராறில் வங்கி தலையிடாது.

ஜூன் 13 வரை பதில் இல்லாவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அவர்கள் ஏஜென்சியிடம் பேசிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சில இடங்களில் அந்த அழைப்பிலேயே பணம் வந்துவிடுகிறது. வராவிட்டால் மாவட்ட ஆணையம். ஏஜென்சி மதுரையில் இருந்தாலும், புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே இராமநாதபுரத்திலேயே கொடுக்கலாம். "மதுரை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று தாளின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மேலே உள்ள கடிதத்தின் தேதி வரிசையே மனுவின் உடலாகிவிடும். இணைப்புகளின் எண்களையும் மாற்ற வேண்டியிருக்காது. எவ்வளவு வட்டி, எவ்வளவு இழப்பீடு என்பது ஆணையத்தின் முடிவு. 1,10,000 ரூபாய் வழக்கில் பல லட்சம் மனவுளைச்சல் இழப்பீடு கேட்டு எழுதினால், உறுதியாக நிற்கும் முதல் கோரிக்கையின் கனம் குறைந்துவிடும் என்பது என் கருத்து.

கடலுக்குப் போயிருக்கும் நாளில் விசாரணை வந்தால் உங்கள் மனைவியோ மச்சானோ உங்களுக்காக ஆஜராகும்படி எழுத்தில் அதிகாரம் கொடுத்து, அந்தத் தாளை மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்துவிடுங்கள். புகார் தருவதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதை ஏப்ரல் 20இலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் அவர்கள் எத்தனை முறை "அடுத்த மாதம் தருகிறோம்" என்று சொன்னாலும், அந்த வாய்மொழி இந்தக் கெடுவை நீட்டிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.